அட்வான்ஸ் 90,000-ல் 51,838 தான் திரும்ப வருமாம்: இந்தக் கழிவுக் கணக்கு சரியா?

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 24, 2025, இரவு 9:40

சென்னை, மடிப்பாக்கம். இரண்டு பெட்ரூம், இரண்டாம் மாடி. 2024 மே 16-ல் குடி வந்தோம். அட்வான்ஸ் 90,000. முதலில் வாடகை 17,000. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் 18,000 ஆனது. மெயின்டனன்ஸ் தனியாக 1,500. ஜூலை 16-ல் வாட்ஸ்அப்பில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். ஆகஸ்ட் 12 சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டோம். ஜூலை வரைக்கும் வாடகை கட்டியாகிவிட்டது.

இன்று ஓனர் அனுப்பியது இது:

ஆகஸ்ட் 15 வரை வாடகை, 15 நாள் × 600: 9,000
நோட்டீஸ் குறைவு, 3 நாள் × 600: 1,800
ஆகஸ்ட் மெயின்டனன்ஸ்: 1,500
ஈபி, 118 யூனிட் × 9: 1,062
பழைய பாக்கி: 1,000
பெயிண்டிங்: 18,000
கீசர்: 4,200
கொசுவலைக் கதவு: 1,600
மொத்தக் கழிவு 38,162. தர வேண்டியது 51,838.

என் சந்தேகம் நாள் கணக்கில். ஆகஸ்டுக்கு 31 நாள். 18,000-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 580 ரூபாய் 65 காசு. அவர் 600 போட்டிருக்கிறார். இது சரியா? பெயிண்டிங் எல்லாரும் கொடுப்பதுதானே, அதை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கோவைசுதா · ஆகஸ்ட் 24, 2025, இரவு 10:05

எனக்கும் இதே கதைதாங்க. லேடீஸ் ஹாஸ்டல், டெபாசிட் ஒரு மாசக் காசு. 9-ந் தேதி காலி பண்ணினேன், முழு மாசத்துக்கும் புடிச்சுட்டாங்க. கேட்டா, "மெஸ் சாப்பாட்டுக்கு மாசக் கணக்குதான், நாள் கணக்கு கிடையாது"ங்கிறாங்க. உங்களுக்கு நாள் கணக்காவது போட்டிருக்காரே. சந்தோஷப்படுங்க.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 25, 2025, காலை 6:12

31-ஆ 30-ஆ என்பதில் மொத்த வித்தியாசமே 290 ரூபாய்தான். அதைப் பிறகு பார்ப்போம். முதல் இரண்டு வரியையும் சேர்த்து ஒருமுறை படியுங்கள்.

12-ஆம் தேதி வரை நீங்கள் தங்கியது 12 நாள். ஒரு மாத நோட்டீஸ் 15-ஆம் தேதி முடிகிறது. ஆகவே தங்காத நோட்டீஸ் நாட்கள் 13, 14, 15. இரண்டையும் கூட்டினால் 15 நாள். அந்த 15 நாளுக்கும் முதல் வரியிலேயே 9,000 பிடித்தாகிவிட்டது. இரண்டாவது வரியில் அதே மூன்று நாளுக்கு மறுபடியும் 1,800. "12 நாள் + 3 நாள்" என்று எழுதலாம், அல்லது "15 நாள்" என்று எழுதலாம். "15 + 3" எழுத முடியாது.

இதை வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். வாடகையை ஒரு நாளும் நோட்டீஸை இன்னொரு நாளும் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். நாள் சம்பந்தப்பட்ட வரி எதுவாக இருந்தாலும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். தேதி எழுதினாலே இரட்டிப்பு கண்ணில் பட்டுவிடும்.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 25, 2025, காலை 7:30

தலைவரே, 290-க்குச் சண்டை போடக் கிளம்பியவனுக்கு 1,800 எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

ஆனாலும் 31 விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

ஓனர்_பக்கம் · ஆகஸ்ட் 25, 2025, காலை 8:02

நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். 30-ஆல் வகுப்பதுதான் ஊர் வழக்கம். பிப்ரவரியில் காலி செய்திருந்தால் 28-ஆல் வகுத்து ஒரு நாளைக்கு 643 கொடுப்பீர்களா? அப்போது மட்டும் 30 இனிக்கும்.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 25, 2025, காலை 9:20

இரண்டில் எது சரி என்று அக்ரிமென்டில் இருந்தால் அதுதான். இல்லையென்றால் வழக்கத்தைப் பார்ப்பதைவிட இந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. நீங்கள் குடி வந்தது மே 16. அதுவும் அரை மாதம், அதுவும் 31 நாள் மாதம். அந்த மே மாதத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? உள்ளே வரும்போது எந்த வகுத்தியோ வெளியே போகும்போதும் அதே வகுத்தி. அதை இரண்டு பக்கமும் மறுக்க முடியாது.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 25, 2025, இரவு 8:45

பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தோண்டினேன். 2024 மே-யில் 9,067 அனுப்பியிருக்கிறேன். 17,000-ஐ 30-ஆல் வகுத்து, 16 முதல் 31 வரை 16 நாளுக்குப் பெருக்கினால் 9,066.67. அன்றே 30 வகுத்திதான், நானும் வாய் திறக்காமல் கொடுத்திருக்கிறேன். சரி, 600-ஐ ஏற்றுக்கொள்கிறேன். 290 ரூபாய்க்குச் சங்கு.

ஸ்டேட்மென்ட் கையில் இருந்ததால் "பழைய பாக்கி 1,000" என்ன என்பதும் தெரிந்தது. இந்த ஏப்ரல் மாத வாடகையாக 17,000 அனுப்பியிருக்கிறேன், மே-யிலிருந்து 18,000. ஏப்ரலுக்கு உயர்த்திய 1,000-ஐத்தான் இப்போது பாக்கி என்கிறார் போல.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 25, 2025, இரவு 9:10

பதினோரு மாதம் மே 16-ல் தொடங்கினால் எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 25, 2025, இரவு 9:14

ஏப்ரல் 15.

ஓ. புது வாடகை ஏப்ரல் 16-லிருந்துதான். 16 முதல் 30 வரை 15 நாள், சரியாகப் பாதி மாதம். பாக்கி 500 தான்!

ஓனர்_பக்கம் · ஆகஸ்ட் 25, 2025, இரவு 9:50

புது அக்ரிமென்டில் "ஏப்ரல் மாதம் முதல்" என்று இருந்தால் 1,000 சரிதான். தாளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 26, 2025, காலை 7:05

பார்த்தேன். "16.04.2025 முதல்" என்றே இருக்கிறது. 500.

ஈபி_மச்சான் · ஆகஸ்ட் 26, 2025, காலை 11:30

கரண்ட் கணக்கை யாருமே தொடவில்லையே? தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் ஃப்ரீ. 118-ல் 100 போனால் மிச்சம் 18 யூனிட். அதுக்கு மட்டும் காசு. ஐம்பது ரூபாய்கூட வராது. 1,062-ஐ அப்படியே திருப்பிக் கேளுங்க ப்ரோ.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 26, 2025, பிற்பகல் 1:15

மச்சான் சொல்வது பாதி சரி. யூனிட்டுக்கு 9 என்பது இந்த வீட்டுக்குப் பொருந்தாத விலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 100 யூனிட் ஒரு இணைப்புக்கு, இரண்டு மாத பில் ஒன்றுக்கு. மாடிவீட்டுக்காரர் அந்த இரண்டு மாதத்தில் கொஞ்ச நாள்தான் இருந்திருக்கிறார். மீதி நாளுக்குப் பெயிண்டரோ புதுக் குடித்தனமோ கரண்ட் எரிப்பார்கள். இலவசம் முழுவதையும் இவரே எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

கடைசி ரீடிங் எப்போது எடுத்தார்கள், சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படம் எடுத்தீர்களா?

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 26, 2025, மாலை 6:40

ரீடிங் எடுத்தது ஜூலை 20. அந்த பில்லை நான்தான் கட்டினேன். சாவி கொடுக்கும்போது மீட்டரைப் படம் எடுத்தேன், அதில் 118 யூனிட் கூடியிருந்தது. 118 பற்றித் தகராறு இல்லை.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 26, 2025, மாலை 7:25

அப்படியென்றால் அடுத்த பில் செப்டம்பர் 20 வாக்கில் வரும். அதுவரை அந்த 1,062 ஓனரிடமே இருக்கட்டும், தற்காலிகப் பிடித்தம் என்று எழுதி வாங்குங்கள். பில் வந்ததும் மொத்த யூனிட்டில் உங்கள் 118 எத்தனை பங்கோ, பில் தொகையிலும் அத்தனை பங்கு. இலவச யூனிட் தானாகவே இருவருக்கும் பிரிந்துவிடும். சர்வீஸ் நம்பர் இருந்தால் பில்லை ஆன்லைனிலேயே நீங்கள் பார்க்கலாம், அவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. உங்களுக்குப் பின் வருபவர் ராத்திரி பகல் ஏசி ஓட்டினால் பில் மேல் படிக்கு ஏறும், அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி உங்கள் தலையிலும் விழும். அப்படி நடந்தால் வேறு வழி யோசிக்கலாம்.

கோவைசுதா · ஆகஸ்ட் 26, 2025, இரவு 8:10

எங்க ஹாஸ்டல்ல ஏசிக்குத் தனி மீட்டர், யூனிட்டுக்கு 14 ரூபாய். அதையும் டெபாசிட்லதான் கழிச்சாங்க. இப்ப இதைப் படிக்கப் படிக்க வயிறு எரியுதுங்க.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 28, 2025, இரவு 10:20

அடுத்து கீசர். ஜூன் மாதமே தண்ணீர் சூடாகவில்லை என்று ஓனருக்கு மெசேஜ் போட்டேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கவில்லை. வெயில் காலம், நாங்களும் பெரிதுபடுத்தவில்லை. இன்று பில் கேட்டேன், அனுப்பினார். பில் தேதி ஆகஸ்ட் 18. அதில் இருப்பது ரிப்பேர் இல்லை, புது மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர், 4,200.

கொசுவலை எங்கள் வீட்டுப் பூனையின் கைவண்ணம். அந்த 1,600-க்கு நான் பேச மாட்டேன்.

ஓனர்_பக்கம் · ஆகஸ்ட் 29, 2025, காலை 7:50

கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்புதான். தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2017-ல் வந்தது, 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் எது யார் தலையில் என்று பட்டியலே இருக்கிறது. குழாய் வாஷர், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் பக்கம். "ஓனர்தான் எல்லாம் செய்யணும்" என்று பேசுபவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 29, 2025, காலை 9:05

உண்மை. அதே அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பக்கம் எழுதியிருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கீசர் விஷயத்தில் அங்கே இருக்கும் சொல் "ரிப்பேர்". பழைய கீசரைச் சரிசெய்ய என்ன ஆகுமோ அது குடியிருந்தவர் செலவு. புதிது வாங்கி மாட்டினால் அது இன்னும் பல வருடம் ஓனர் வீட்டில் ஓடப் போகிற பொருள். ரிப்பேர் செய்ய முடியாத நிலையில் இருந்ததா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 31, 2025, பிற்பகல் 12:30

நம் பகுதி மெக்கானிக்கிடம் மாடலைச் சொல்லிக் கேட்டேன். காயில், தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். ஓனருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை, நீல டிக் மட்டும்.

மெயின்டனன்ஸ் 1,500 பற்றி என்ன நினைக்கிறீர்கள்? 15 நாளுக்குப் பாதிதானே?

ஓனர்_பக்கம் · ஆகஸ்ட் 31, 2025, பிற்பகல் 2:15

அசோசியேஷன் என்னிடம் பாதி மாதத்துக்கா வாங்குகிறது? முழு 1,500-தான். அதைக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும்.

ஈபி_மச்சான் · ஆகஸ்ட் 31, 2025, பிற்பகல் 2:40

புது ஆள் ஆகஸ்ட் 20-க்கே வந்து அவர்கிட்டயும் மெயின்டனன்ஸ் வாங்கியிருந்தா? ஒரே மாசத்துக்கு ரெண்டு பேர்கிட்ட வசூல்!

ரிட்டயர்டு_ஆடிட்டர் · ஆகஸ்ட் 31, 2025, மாலை 4:00

அது நடந்திருந்தால் கேட்கலாம். நடக்கவில்லையென்றால் இரண்டு பக்கமும் நியாயம் சொல்லலாம். 750 ரூபாய்க்காக நான் இதை இழுக்க மாட்டேன், நீங்கள் இழுத்தாலும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மாடிவீட்டுக்காரன் · ஆகஸ்ட் 31, 2025, இரவு 9:30

புதுக் குடித்தனம் நாளைதான் வருகிறதாம், வாட்ச்மேன் சொன்னார். மெயின்டனன்ஸை விட்டுவிட்டேன்.

பிரஷ்_ரோலர் · செப்டம்பர் 2, 2025, இரவு 11:15

லேட்டா வந்துட்டேன். நான் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். பெரிய தொகையை விட்டுட்டு எல்லாரும் சில்லறையை எண்ணிட்டு இருக்கீங்க. அக்ரிமென்ட்ல பெயிண்டிங் பத்தி என்ன எழுதியிருக்கு? "ஒரு மாத வாடகை"ன்னா ஒண்ணு, "ஆகும் செலவு"ன்னா வேற. செலவுன்னு இருந்தா பில்லைக் கேளுங்க. மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க, சாமான் லிஸ்ட்டைப் பாருங்க.

மாடிவீட்டுக்காரன் · செப்டம்பர் 3, 2025, காலை 6:50

"காலி செய்யும்போது பெயிண்டிங்கிற்கு ஆகும் செலவை வாடகைதாரர் ஏற்க வேண்டும்." ஒரு மாத வாடகை என்ற பேச்சே இல்லை! 18,000 என்பது அவர் கண்ணளவு. பில் கேட்டிருக்கிறேன்.

ரிட்டயர்டு_ஆடிட்டர் · செப்டம்பர் 3, 2025, காலை 8:30

நீங்கள் கையெழுத்துப் போட்ட வாசகம் ஒருபுறம், சட்டத்தின் அட்டவணை மறுபுறம். எது வெல்லும் என்பதில் வக்கீல்களே இரண்டு விதமாகப் பேசுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் சாதாரணமாகப் புழங்கித் தேய்வதற்கு வாடகையே விலை. பதினைந்து மாதத்தில் சுவர் மங்குவது தேய்மானம். ஆணி அடித்துப் பிளாஸ்டர் பெயர்ந்தால் அது சேதம். குடி வந்த அன்று எடுத்த படங்கள் இருக்கின்றனவா?

மாடிவீட்டுக்காரன் · செப்டம்பர் 3, 2025, இரவு 9:00

இருக்கின்றன. ஹாலில் அப்போதே ஈரக்கசிவுக் கறை. பழைய பெயிண்ட், எங்களுக்காகப் புதிதாக அடிக்கவில்லை. ஆணி நான்கு இடத்தில் அடித்தோம், அதுவும் உண்மை.

மாடிவீட்டுக்காரன் · செப்டம்பர் 6, 2025, இரவு 8:15

இன்று 56,888 வந்தது. ஓனரின் 51,838, கூட 5,050. நோட்டீஸ் 1,800, பாக்கியில் 500, கீசரில் 2,750. பேசிப் பேசி அல்ல, தேதி போட்டு ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பியதும் மறுவார்த்தை இல்லாமல் அனுப்பிவிட்டார். ஈபி பில் வந்ததும் பார்க்கலாம் என்றார்.

கூடவே ஒரு மெசேஜ்: "கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனி பாக்கி இல்லை என்று டைப் செய்து அனுப்புங்கள்."

ரிட்டயர்டு_ஆடிட்டர் · செப்டம்பர் 6, 2025, இரவு 8:22

அனுப்பாதீர்கள். "56,888 பெற்றேன். ஈபி, பெயிண்டிங் இரண்டும் நிலுவையில் உள்ளன" என்று அனுப்புங்கள். பணம் வாங்குவதால் உரிமை போகாது, அந்த வாசகத்தால் போகலாம். காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு செப்டம்பர் 12. அந்தத் தேதியையும் மரியாதையாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

ஓனர்_பக்கம் · செப்டம்பர் 6, 2025, இரவு 9:40

என் வாடகைதாரர் இந்த இழையைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரன் · செப்டம்பர் 10, 2025, இரவு 10:05

பெயிண்டிங் பில் வந்தது. கையால் எழுதியது, 21,500. "நான் 18,000 தானே பிடித்தேன்" என்கிறார். சாமான் பட்டியல்: இன்டீரியர் எமல்ஷன் 20 லிட்டர், பட்டி 40 கிலோ, எக்ஸ்டீரியர் பிரைமர் 10 லிட்டர், எக்ஸ்டீரியர் எமல்ஷன் 10 லிட்டர், கிரில்லுக்கு எனாமல் 4 லிட்டர், கூலி.

பிரஷ்_ரோலர் · செப்டம்பர் 10, 2025, இரவு 10:30

எக்ஸ்டீரியர் பிரைமரை ஹால்லயா அடிச்சாங்க? அது வெளிச்சுவருக்கு. பால்கனிக்குன்னு சொல்லுவார், உங்க பால்கனிக்குப் பத்து லிட்டர் தேவைப்படாது. வாசல் சுவரோ கார் பார்க்கிங்கோ உங்க கணக்குல அடிச்சிருக்காங்க. உங்க வீட்டுக்குள்ள எத்தனை மீட்டர் கிரில் இருக்குன்னும் எண்ணுங்க. பட்டி 40 கிலோ சந்தேகமில்லை, ஈரக்கசிவு இடத்துக்குப் போயிருக்கும். ஆனா அந்தக் கசிவு நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது.

கோவைசுதா · செப்டம்பர் 11, 2025, காலை 7:45

நான் ஹாஸ்டல்ல பில் கேட்டு மெயில் போட்டிருக்கேன். இங்க படிச்சுதான். என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்.

மாடிவீட்டுக்காரன் · செப்டம்பர் 23, 2025, இரவு 9:20

ஈபி பில் ஆன்லைனில் வந்துவிட்டது. மொத்தம் 236 யூனிட். என் 118 சரியாகப் பாதி. பில் நானூறு ரூபாய்க்கு அருகில், என் பங்கு இருநூறு. 1,062-லிருந்து மிச்சத்தை இன்றே ஜிபே செய்துவிட்டார். "யூனிட்டுக்கு 9 என்று எனக்கு யாரோ சொன்னார்கள்" என்றார். நம்புகிறேன்.

பெயிண்டிங்கில் 9,000 திருப்பித் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்கிறார். வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் எக்ஸ்டீரியர் சாமானையும் அதற்கான கூலியையும் கழித்துப் புதுக் கணக்கு கேட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

ஈபி_மச்சான் · செப்டம்பர் 23, 2025, இரவு 9:26

நான் ஐம்பது ரூபாய் சொன்னேன், நீங்க இருநூறு கொடுத்திருக்கீங்க. அந்த நூத்தம்பதை யார்கிட்ட கேட்கிறது?